ஓரத்து விண்மீனுக்கு வால் முளைத்தால்: f/5 நியூட்டோனியனா, f/8-ஆ, ஆர்சி-யா?

போன மாசியில் ஜவ்வாது மலையில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சே எங்களுக்குள் தொடங்கியது. காட்பாடியிலிருந்து நான், ஆம்பூரிலிருந்து இரண்டு பேர், ஆலங்காயத்தில் பணி ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் வாத்தியார் சார், ஆக நான்கு பேர் காசு போட்டு ஒரு தொலைநோக்கி வாங்க நினைத்திருந்தோம். அதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவரிடம் 8 அங்குல f/5 நியூட்டோனியனை, அதாவது குவியத்தூரம் ஆடியின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு உள்ள ஆடித் தொலைநோக்கியை, இரவல் வாங்கி, விடியற்காலை மூன்று மணிவாக்கில் தெற்கே ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தைப் படம் பிடித்தோம். நம் ஊர் அட்சரேகையில் அது உச்சிக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து 30 பாகை உயரம்தான், ஆனாலும் படத்தின் நடுவில் உப்பைத் தூவியது போல அருமையாக வந்திருந்தது. மூலைக்குப் போனால் ஒவ்வொரு விண்மீனும் சின்ன வால்நட்சத்திரம். தலை நடுவைப் பார்த்தபடி, வால் வெளியே நீட்டியபடி, நான்கு மூலையிலும் அப்படியே.

ஆம்பூர் தம்பி ஒருவர் உடனே "ஆடி மட்டம்ணா, வேற வாங்கலாம்" என்றார். ஆடியில் குற்றமே இல்லை. சுத்தமாகச் செய்த பரவளைய ஆடி எதுவாக இருந்தாலும் ஓரத்தில் இப்படித்தான் செய்யும், இதற்குக் கோமா என்று பெயர். வாங்குவதற்கு முன் எந்த அமைப்பு ஓரத்து விண்மீனை எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நானும் சாரும் உட்கார்ந்தோம். அந்தக் கணக்கும், அதிலிருந்து நாங்கள் எடுத்த முடிவும்தான் இங்கே.

முதலில் கோமா எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் எதை வாங்குவது என்பது இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. பரவளைய ஆடி தன் அச்சுக்கு இணையாக வரும் ஒளியை மட்டும்தான் ஒரே புள்ளியில் குவிக்கும். சற்றே சாய்வாக வரும் ஒளியை என்ன செய்கிறது? ஆடியை உள்ளிருந்து வெளியே வளையம் வளையமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளையமும் அந்த விண்மீனை ஒரு புள்ளியாக வரையாமல் ஒரு வட்டமாக வரைகிறது. உள்வளையத்தின் வட்டம் சின்னது, தலைக்கு அருகிலேயே விழும். வெளிவளையத்தின் வட்டம் பெரியது, தலையிலிருந்து தள்ளி விழும். இந்த வட்டங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது 60 பாகை விரிந்த ஒரு விசிறி மாதிரி ஆகிவிடுகிறது, காம்புப் பக்கம் தலை, விரிந்த பக்கம் வால். ஒளியில் பாதிக்குச் சற்று மேலே தலைப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது, மீதி வாலில் மங்கலாகப் பரவுகிறது. அதனால்தான் மங்கலான விண்மீன்கள் ஓரத்திலும் ஓரளவு புள்ளியாகத் தெரிய, பிரகாசமானவை மட்டும் அசிங்கமாக வால் விடுகின்றன.

இந்த விசிறியின் முழு நீளத்துக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. படத்தின் நடுவிலிருந்து விண்மீன் இருக்கும் தூரம் h என்றால்:

```
கோமா நீளம் = 3h / (16 F²)
```

இதில் F என்பது f எண் மட்டும்தான். ஆடியின் விட்டமும் குவியத்தூரமும் இதில் எங்கேயும் தனியாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 6 அங்குல f/5 ஆனாலும் 12 அங்குல f/5 ஆனாலும் கேமராவின் சென்சாரில் அதே இடத்தில் அதே நீளத்துக்குத்தான் வால் விழும். இது எனக்கே புதிதாக இருந்தது, பெரிய ஆடி வாங்கினால் கோமா கூடும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார் உள்ள நிக்கான் கேமரா. நடுவிலிருந்து மூலைக்கு 14 மிமீ. f/5-ல் போட்டால் 3×14/400, அதாவது 0.105 மிமீ, 105 மைக்ரான். இது பெரிதா சிறிதா என்று சொல்ல விண்மீன் இயல்பாகவே எவ்வளவு அகலம் என்று தெரிய வேண்டும். காற்றின் அலைச்சலால் ஒரு சுமாரான இரவில் விண்மீன் 2.5 விகலை அகலத்துக்குப் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம் (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). 1000 மிமீ குவியத்தூரத்தில் அது 12 மைக்ரான். 12 மைக்ரான் புள்ளிக்கு 105 மைக்ரான் வால் என்றால் மூலை அப்படி இருந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் தலைப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் பாதிக்கு மேல் ஒளி என்றேன் இல்லையா, அந்தப் பங்கு 12 மைக்ரானுக்குள் அடங்கும்வரை கண்ணுக்குப் பெரிதாக உறுத்தாது. அதற்கு முழு நீளம் 36 மைக்ரான்வரை போகலாம். திருப்பிக் கணக்குப் போட்டால் f/5-ல் நடுவிலிருந்து 4.8 மிமீ தூரம்வரை நல்ல இடம். அந்த வட்டத்தின் பரப்பு சென்சாரின் பரப்பில் வெறும் ஐந்தில் ஒரு பங்கு.

சரி, ஒமேகா சென்டாரி எங்கே விழுகிறது? அதன் குறுக்களவு சுமார் 36 கலை, அரைப்பங்கு 18 கலை, 1000 மிமீ-யில் அது 5.2 மிமீ. கிட்டத்தட்ட நல்ல வட்டத்தின் விளிம்பு! அதாவது எங்கள் படத்தில் கொத்து முழுவதும் நன்றாகத்தான் இருந்தது, சுற்றியிருந்த வெற்று வானத்து விண்மீன்கள்தான் வால் விட்டன. ஒமேகா சென்டாரி மட்டும் போதும் என்றால் ஓரத்தை வெட்டிவிட்டு அதே தொலைநோக்கியோடு, எதுவும் கூடுதலாக வாங்காமல் நிம்மதியாக இருக்கலாம். மூன்று மாதம் யோசித்துப் பணம் செலவு செய்யப் போகிறவர்கள் இந்த வழியை முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, கோள், சின்னக் கொத்து, சின்ன நெபுலா என்று எடுப்பவர்களுக்கு இதுவே சரியான பதில்.

எங்களுக்கு இது போதாது. ஆம்பூர் தம்பிகளுக்குக் கார்த்திகை வேண்டும். அறுமீன் கூட்டத்தின் முக்கிய விண்மீன்கள் ஏறக்குறைய ஒரு பாகை அகலத்துக்குப் பரவிக் கிடக்கின்றன, எல்லாமே பிரகாசமானவை, போதாக்குறைக்கு அவற்றைச் சுற்றி மெல்லிய நீலப் புகை வேறு. ஓரத்து விண்மீன் நடுவிலிருந்து அரைப் பாகை என்றால் 8.7 மிமீ, கோமா 65 மைக்ரான். பிரகாசமான விண்மீன், அதற்கு 65 மைக்ரான் வால், படம் கெட்டது.

அப்புறம் வாத்தியார் சாரின் யோசனைக்கு வருவோம். அவர் பழைய ஆள், "எஃப் எண்ணை ஏத்திட்டா வேலை முடிஞ்சுதுப்பா" என்றார். சூத்திரத்தில் F வர்க்கத்தில் இருப்பதால் அவர் சொல்வதில் பலமான நியாயம் இருக்கிறது. 6 அங்குல f/8, குவியத்தூரம் 1200 மிமீ. மூலையில் கோமா 41 மைக்ரான், அதில் தலைப்பங்கு 14 மைக்ரான். 1200 மிமீ-யில் விண்மீனின் இயல்பான அகலமே 14.5 மைக்ரான். ஆக எந்தக் கூடுதல் லென்ஸும் இல்லாமல் மூலைவரை சுத்தம். கண்ணால் பார்ப்பதற்கும் f/8 சுகம், மலிவான கண்ணருகு லென்ஸைப் போட்டாலும் ஓரம் பெரிதாகக் கெடாது, ஆடிகளை நேர்ப்படுத்துவதில் கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும்.

இதன் விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. கார்த்திகையின் நீலப் புகை மாதிரி பரந்த மங்கலான பொருளுக்கு f/5-ல் ஒரு மணி நேரம் என்றால் f/8-ல் இரண்டரை மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் நம் பக்கம் மேகம் இல்லாத இரண்டரை மணி நேரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஆடிக்கொண்டிருக்கும். 1200 மிமீ-யில் சென்சாரின் குட்டைப் பக்கம் 45 கலையைத்தான் பிடிக்கும், அதனால் அறுமீன் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டுதான் உள்ளே வரும். மலையில் காற்று அடித்தால் அந்த நீளக் குழாய் பாய்மரம் மாதிரி ஆடும் என்பதையும் நான் சேர்த்தே யோசித்தேன். வெறும் கண்ணால் பார்க்க மட்டும் என்றிருந்தால் சார் சொன்னதையே கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன்.

மூன்றாவதாக, படம் எடுப்பவர்கள் பலரும் ஆசைப்படும் ஆர்சி, அதாவது ரிச்சி-கிரெட்டியான். ஹபிள் தொலைநோக்கி இந்த வகைதான். இரண்டு ஆடிகளையும் அதிபரவளையமாகச் செய்து கோமாவைச் சுத்தமாக ஒழித்துவிட்ட அமைப்பு. கோமா இல்லை என்று விளம்பரத்தில் போடுவார்கள், அது உண்மைதான். ஆனால் கோமா போன இடத்தில் அதன் பின்னால் மறைந்திருந்த அஸ்டிக்மாட்டிசம் வெளியே வந்து நிற்கிறது, இதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இருக்காது.

அஸ்டிக்மாட்டிசம் என்றால் கண்ணாடிக் கடைச் சீட்டில் "சிலிண்டர்" என்று ஒரு கட்டம் இருக்கும் இல்லையா, அதே சமாச்சாரம். சாய்வாக வரும் ஒளிக்கு ஆடி ஒரு திசையில் குறுகித் தெரிகிறது, மறு திசையில் அப்படியே தெரிகிறது. அதனால் நடுவை நோக்கிய திசையில் உள்ள கதிர்கள் ஓரிடத்தில் குவிய, அதற்குக் குறுக்குத் திசையில் உள்ளவை வேறோர் இடத்தில் குவிகின்றன. முதல் இடத்தில் சென்சாரை வைத்தால் விண்மீன் ஒரு கோடு, இரண்டாம் இடத்தில் வைத்தால் அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவில் வைத்தால் ஒரு சின்ன வட்டம். கோமா மாதிரி ஒரு பக்கம் வால் இருக்காது, இரண்டு பக்கமும் சமமாகத்தான் இழுக்கும். இன்னொரு முக்கியமான வித்தியாசம், கோமா நடுவிலிருந்து தள்ளிப்போகும் தூரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது, அஸ்டிக்மாட்டிசமோ தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. நடுவில் தெரியவே தெரியாது, ஓரத்தில் திடுமென்று வந்து நிற்கும்.

f/5 நியூட்டோனியனிலும் அஸ்டிக்மாட்டிசம் இருக்கிறது. மூலையில் இரண்டு குவியங்களுக்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சின்ன வட்டம் 20 மைக்ரான்தான், 105 மைக்ரான் கோமாவுக்கு முன்னால் அது கண்ணுக்கே வராது. 8 அங்குல f/8 ஆர்சி-க்கு, முதல் ஆடி f/3 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன், 14 மிமீ-யில் அந்த வட்டம் சுமார் 18 மைக்ரான் வந்தது. குவியத்தூரம் 1600 மிமீ என்பதால் விண்மீனின் இயல்பான அகலமே 19 மைக்ரான். இதோடு நின்றிருந்தால் ஆர்சி-தான் ராஜா.

நிற்கவில்லை. ஆர்சி-யின் குவியப்பரப்பு தட்டையாக இல்லாமல் கிண்ணம் மாதிரி வளைந்திருக்கிறது, என் கணக்கில் வளைவு ஆரம் கால் மீட்டர்தான். சென்சாரோ தட்டை. நடுவைக் கூர்மையாக்கினால் 14 மிமீ மூலையில் நல்ல குவியம் சென்சாரைவிட்டு 0.39 மிமீ விலகிவிடுகிறது, அங்கே இரண்டு குவியங்களும் வெவ்வேறு அளவில் விலகியிருப்பதால் விண்மீன் ஏறக்குறைய 66-க்கு 31 மைக்ரான் அளவில் ஒரு நீள்வட்டமாக, நடுவை நோக்கி நீண்டு விழுகிறது. கோமா இல்லாத தொலைநோக்கியில் மூலை விண்மீன் அரிசி மாதிரி ஆகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான். சென்சார் சின்னதாக, மூலைக்கு 8 மிமீ அளவில் இருந்தால் இது 22-க்கு 10 மைக்ரானாகச் சுருங்கி, காற்றின் அலைச்சலில் கரைந்துவிடும். எனவே சின்ன சென்சார் வைத்துக்கொண்டு அண்டங்களைப் படம் எடுப்பவருக்கு ஆர்சி மிக நல்ல தேர்வு, எங்கள் கேமராவுக்கு அதோடு சமதளமாக்கும் லென்ஸ் ஒன்றும் வாங்க வேண்டும். கார்த்திகையோ 1600 மிமீ-யில் சட்டத்துக்குள்ளேயே அடங்காது. விலையும் நாங்கள் விசாரித்த இடத்தில் நியூட்டோனியன், அதன் கோமாவைத் திருத்தும் லென்ஸ் இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம்.

மிச்சம் இருப்பது அந்தத் திருத்திதான், f/5 நியூட்டோனியனோடு கோமா திருத்தி. இதற்கு நம் பழைய வடாற்காட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. காவலூரில் 1986-ல் தொடங்கிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதல் ஆடி f/3.25. அதே சூத்திரத்தைக் கோணத்தில் போட்டால், திருத்தி இல்லாமல் பார்க்கும்போது நடுவிலிருந்து ஒவ்வொரு கலை விலகலுக்கும் கோமா ஒரு விகலைக்குச் சற்று மேல் கூடுகிறது. ஐந்து கலை தள்ளி ஒரு விண்மீன் என்றால் ஐந்து விகலைக்கு மேல் வால். முழு நிலா 30 கலை அகலம் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு குறுகிய இடம் என்று புரியும். இத்தனை வேகமான பரவளைய ஆடியின் முதன்மைக் குவியத்தில் அகலமான படம் வேண்டுமென்றால் முன்னால் திருத்தும் லென்ஸ்களை வைத்தே ஆக வேண்டும். நாங்கள் வாங்க நினைத்த சின்ன உருளை மாதிரியான திருத்தியும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆடிக்கு எதிர்த்திசையில் அதே அளவு கோமாவைத் தானே உண்டாக்கி இரண்டையும் கழித்துவிடுகிறது.

இதைத்தான் வாங்கினோம். ஆனால் மாட்டிய முதல் இரவே எல்லாம் சரியாகிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

திருத்தியின் கடைசி முனையிலிருந்து சென்சாருக்கு 55 மிமீ இருக்க வேண்டும் என்று எங்களுடையதில் போட்டிருந்தது. நிக்கான் உடலுக்குள் 46.5 மிமீ, நடுவில் மாட்டும் வளையம் 8.5 மிமீ, கூட்டினால் சரியாக 55. விற்ற கடையில் கொடுத்த வளையம் வேறு அளவு, இரண்டு மிமீ-க்கு மேல் கூடுதல் என்று வெர்னியர் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தூரம் தவறினால் கழித்தல் முழுமையாகாமல் மூலைகளில் கொஞ்சம் வால் மிச்சம் நிற்கும், நான்கு மூலையிலும் ஒரே அளவில் நிற்கும். அந்த "ஒரே அளவு" என்பதுதான் அடையாளம்.

வளையத்தை மாற்றியபின் மூன்று மூலை சுத்தம், கீழ் வலது மூலை மட்டும் வால் விட்டது. இது வேறு கோளாறு, ஆடிகள் நேராக இல்லை. ஒளியியல் அச்சு சென்சாரின் நடுவைவிட்டு 3 மிமீ தள்ளி விழுந்தால் ஒரு மூலை 17 மிமீ தூரத்திலும் எதிர் மூலை 11 மிமீ தூரத்திலும் இருப்பதாக ஆகிவிடும். திருத்தி இல்லாவிட்டால் அது 128 மைக்ரானுக்கும் 83 மைக்ரானுக்கும் உள்ள வித்தியாசம், திருத்தி இருந்தாலும் அது தன் நடுவில் அச்சு வரும் என்று நம்பித்தான் கழிக்கிறது. முதல் ஆடியின் திருகுகளைச் சரிசெய்ததும் நான்கு மூலையும் ஒத்துக்கொண்டன. ஒருவேளை நடுவிலேயே வால் தெரிந்தால் எந்தத் திருத்தியும் உதவாது, நேர்ப்படுத்தல்தான் ஒரே மருந்து. படம் முழுக்க எல்லா விண்மீனும் ஒரே திசையில் நீண்டிருந்தால் அது ஒளியியலே இல்லை, மோட்டார் வானத்தைச் சரியாகத் தொடரவில்லை.

அஸ்டிக்மாட்டிசமா என்ற சந்தேகத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. குவியத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு படம், வெளியே இழுத்து ஒரு படம். நீண்டிருக்கும் விண்மீன் இரண்டு படத்துக்கும் இடையே 90 பாகை திரும்பினால் அஸ்டிக்மாட்டிசம், கோமா அப்படித் திரும்பாது. நடுவிலேயே இப்படித் திரும்பினால் ஆடியை இறுக்கிப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்க்கும்போது என்றால் முதலில் தலையைச் சாய்த்துப் பாருங்கள், கோடும் கூடவே சாய்ந்தால் அது உங்கள் கண்ணின் சிலிண்டர்.

கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் திருத்தி வாங்குமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். f/5-ல் மலிவான அகலக்கோணக் கண்ணருகு லென்ஸைப் போட்டால் ஓரத்து விண்மீன் பறக்கும் பறவை மாதிரி இரண்டு பக்கமும் சிறகு விரிக்கும். அதில் பெரும்பகுதி அந்த லென்ஸின் சொந்த அஸ்டிக்மாட்டிசம், ஆடியின் கோமா அதன் அடியில் மறைந்திருக்கிறது. கோமா திருத்தி இந்தச் சிறகைத் தொடவே தொடாது. நல்ல லென்ஸ் ஒன்றை யாரிடமாவது ஓர் இரவு இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் வெளியே நீளும் வால் தெரிந்தால் மட்டும் திருத்திக்குக் காசு போடுங்கள்.

எங்கள் குழாய் இப்போது ஆலங்காயத்தில் சார் வீட்டில் இருக்கிறது. வேலூர் வெயிலில் சூடான ஆடி மலைக் குளிருக்கு இறங்க நேரம் பிடிக்கும், அதுவரை நடுவிலேயே புள்ளி ஊதிப்போய்த்தான் தெரியும், மூலையைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆலங்காயத்திலேயே வைத்துவிட்டால் மலையேறும் தூரமும் குறைவு. ஐப்பசி மழை விட்டதும் கார்த்திகையை எடுக்க வேண்டும், அதுவரை ஒமேகா சென்டாரியின் புதுப் படத்தில் நான்கு மூலையையும் தம்பிகள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.